ஜிம் முடிந்து தலைக்குக் குளிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் ஜிம் போறேன், தினமும் தலை நனைஞ்சு போகுது. தினமும் ஷாம்பு போடணுமா?

வேண்டாம். தினமும் அலசினால் போதும். ஷாம்பு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை.

ஜிம்மிலிருந்து வரும்போது உங்கள் தலையில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று வியர்வை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். மீதி உப்பும், கொஞ்சம் யூரியாவும், லாக்டிக் அமிலமும். எல்லாமே தண்ணீரில் கரைந்து போகிறவை. இன்னொன்று, மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் சுரப்பிகள் விடுகிற எண்ணெய். அது தண்ணீருக்கு அசையாது, ஷாம்புவோ சீயக்காயோ வேண்டும். ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓடினால் வியர்வை கொட்டுகிறது. எண்ணெய் அந்த ஒரு மணி நேரத்தில் அப்படிப் பெருகிவிடுவதில்லை, வழக்கம் போலத்தான் ஊறுகிறது. ஆகவே தினமும் புதிதாகச் சேர்கிற அழுக்கில் பெரும்பங்கு தண்ணீரிலேயே போய்விடும்.

தினமும் ஷாம்பு போட்டால் என்ன கெடும் என்றால், கெடுவது தலைத்தோலை விட முடியின் கீழ்ப்பாதி. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. உங்களுக்கு 60 செ.மீ. முடி இருந்தால், நுனிக்கு வயது ஐந்து. அந்த நுனி ஐந்து வருட வெயில், சீப்பு, உப்புத் தண்ணி எல்லாம் பார்த்துவிட்டது. முடியின் மேல்தோலில் பிறவியிலேயே மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. நுனிப்பக்கம் அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அங்கே தினமும் நுரை போட்டுத் தேய்த்தால் சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, பிளவுபடும். வேர்ப்பக்கத்து இரண்டு அங்குலம் ஐந்து மாதக் குழந்தை மாதிரி இருப்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

வெறும் தண்ணியில அலசினா வியர்வை நாத்தம் போகுமா?

அன்றைய வியர்வையை அன்றே அலசினால் போகும். புதிதாக வந்த தலை வியர்வைக்குப் பெரிய வாடை கிடையாது. அது தலையிலேயே காய்ந்து, எண்ணெயோடு கலந்து, தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் அதில் வேலை பார்க்க நேரம் கிடைத்தால்தான் வாடை வரும். காலையில் ஜிம், அங்கிருந்து நேரே ஆபீஸ், ராத்திரிதான் குளியல் என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை அதிகம்.

அலசின பிறகும் வாடை இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஈரத் தலையைக் கொண்டை போட்டு கிளிப் மாட்டிவிடும் பழக்கம். உள்ளே மணிக்கணக்காகக் காயாமல் இருக்கும் முடியில் பழைய ஈரத்துண்டு வாடை வரும். இன்னொன்று, தலையில் மாட்டும் பட்டையும் தொப்பியும். தலையைத் தினமும் கழுவிவிட்டு, வாரம் முழுக்கத் துவைக்காத பட்டையை மறுபடி மாட்டினால் என்ன பிரயோஜனம்? மூன்று பட்டை வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். நெற்றியோரமும் பிடரியிலும் சின்னச் சின்னச் சீழ்ப்பரு வருகிறவர்களுக்கும் முதலில் இதையே சொல்வேன்.

எந்த நாள் தண்ணி, எந்த நாள் ஷாம்புன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பஜ்ஜி வைத்த பேப்பரைப் பார்த்திருப்பீர்களே, அதே சோதனைதான். ஜிம்மிலிருந்து வந்து, தலை கொஞ்சம் ஆறிய பிறகு, வெள்ளை டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து உச்சியில் வகிடு எடுத்த இடத்தில் பத்து விநாடி அழுத்துங்கள். காதுக்குப் பின்னால் இன்னொரு இடத்தில் புதுப் பேப்பரை அழுத்துங்கள். இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பேப்பர் காய்ந்து பழையபடி வெள்ளையாகிவிட்டால் அது வெறும் வியர்வை. அன்றைக்குத் தண்ணீர் போதும். காய்ந்த பிறகும் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஒரு திட்டு தெரிந்தால் அது எண்ணெய். அன்றைக்கு ஷாம்பு. ஒரு வாரம் இப்படிப் பார்த்தால் உங்கள் தலை எத்தனை நாளுக்கு ஒரு முறை எண்ணெய் விடுகிறது என்று பிடிபட்டுவிடும், அப்புறம் பேப்பர் தேவையில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்த வாரத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள், எல்லாமே எண்ணெய் என்றுதான் காட்டும்.

என் பார்லருக்கு வரும் பெண்களில் பலருக்கு இது மூன்று நாளுக்கு ஒரு முறை என்று வரும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரலாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு ஐந்து நாள்கூடப் போகும்.

தண்ணி மட்டும்னா எப்படி அலசணும்? நான் அலசினா தலை இன்னும் பிசுபிசுன்னு இருக்கே.

பெரும்பாலும் தண்ணீர் தோலுக்கே போயிருக்காது. முடியின் மேல் ஊற்றி, அது வழிந்து முதுகில் இறங்கியிருக்கும்.

முதலில், ஜிம்மிலிருந்து வந்த கையோடு குளியலறைக்குள் போகாதீர்கள். உடற்பயிற்சி முடிந்தும் உடம்பு கால் மணி, இருபது நிமிடத்துக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். அப்போதே குளித்தால், துவட்டும்போது மறுபடி வியர்த்து, அலசியதே வீணாகும். முடியை அவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நெற்றியில் வியர்வை நின்ற பிறகு போங்கள். அந்த நேரத்தில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துவிடலாம். சிக்கை முன்னாலேயே எடுத்துவிடுவது முக்கியம். முடி நனைந்தால் ஊதி, ரப்பர் மாதிரி இழுபடும். ஈரத்தில் சிக்கெடுக்கும்போதுதான் பாதி முடி அறுகிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக, முழங்கையில் ஊற்றினால் சூடே தெரியாத அளவு இருந்தால் போதும். தலையைக் கவிழ்க்காமல் நேராகவோ லேசாகப் பின்னால் சாய்த்தோ நின்று, ஒரு கையால் ஊற்றியபடி இன்னொரு கையின் விரல் நுனிகளை முடிக்குள் விட்டுத் தோலைத் தொடுங்கள். நகம் படக்கூடாது. விரலை ஒரே இடத்தில் வைத்து, தோலையே சின்னதாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் அடுத்த இடம். நெற்றியோரம், இரண்டு காதுக்கு மேல், உச்சி, கடைசியாகப் பிடரி. வியர்வை அதிகம் தங்குவது பிடரியில்தான், அவசரத்தில் நாம் விட்டுவிடுவதும் அதைத்தான். ஷவர் என்றால் இரண்டு நிமிடம், மக் என்றால் பத்துப் பன்னிரண்டு மக் ஆகும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி: நெற்றியோரத்திலிருந்து வழிகிற தண்ணீர் உதட்டில் படும்போது உப்புக் கரிக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், இதுதான் சரியான அளவுகோல். போர்த் தண்ணி வீடுகளுக்கு மட்டும் இது செல்லாது, அங்கே தண்ணீரே கரிக்கும்.

ஷாம்பு போடுற நாள்ல எவ்வளவு, எப்படி?

கடையில் தொங்கும் சாஷே ஒன்றில் பெரும்பாலும் ஐந்தாறு மில்லிதான் இருக்கும். தோளுக்குக் கீழே தொங்கும் முடிக்கே அது ஒன்று போதும். பாட்டிலில் இருந்து உள்ளங்கையில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் போல இரண்டு பங்கு எடுக்கிறார்கள், அதை அப்படியே உச்சியில் வைத்துத் தேய்க்கிறார்கள். உச்சியில் ஒரே இடத்தில் கொத்தாக உட்கார்ந்த ஷாம்பு அங்கே முடியை வறட்டிவிடும், பிடரிக்குப் போய்ச் சேராது.

முதலில் மேலே சொன்னபடி நன்றாக அலசுங்கள். உப்பெல்லாம் அதிலேயே போய்விடுவதால் ஷாம்புக்கு எண்ணெயை எடுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம். அப்புறம் ஒரு டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் எடுத்து, ஒரு சாஷே அளவு ஷாம்புவைக் கலக்கி, நாலைந்து இடத்தில் வகிடு எடுத்து வகிட்டின் மேலேயே ஊற்றுங்கள். கலக்குவதால் ஷாம்புவின் சக்தி குறைந்துவிடாது. எல்லா இடத்துக்கும் பரவுவதால் குறைவான அளவே போதுமானதாகிறது, அவ்வளவுதான். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். தண்ணீர் சேர்ந்த ஷாம்பு நாள்பட வைத்தால் கெட்டுப்போகும்.

விரல் நுனியால் ஒரு நிமிடம் தோலை மட்டும் தேய்த்தால் போதும். நீள முடியை உச்சியில் குவித்து வைத்து, துணி கசக்குவது போலக் கசக்காதீர்கள். அலசும்போது வழிகிற நுரையே கீழே உள்ள முடிக்குத் தாராளம். இரண்டாவது முறை ஷாம்பு எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும்.

கண்டிஷனர் எதிர்த்திசையில் போகும்: காதுக்குக் கீழே ஆரம்பித்து நுனி வரை. தோலில் படக்கூடாது, பட்டால் மறுநாள் ஜிம்மிலேயே தலை பிசுபிசுக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றுகிற நாளில்கூட, முடி சிக்கு விழும் ரகமாக இருந்தால், நுனிக்கு ஒரு பட்டாணி அளவு கண்டிஷனர் தடவி அலசிவிடலாம்.

சல்பேட் இல்லாத ஷாம்புதான் வாங்கணுமா?

பாட்டிலின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சோடியம் லாரில் சல்பேட் கடுமையானது, சரிதான். அதன் தம்பி சோடியம் லாரத் சல்பேட் அதை விட மென்மை. அதோடு கோகமிடோப்ரோபைல் பீட்டைன் சேர்த்திருந்தால் இன்னும் சாந்தமாகிவிடும். வாரம் இரண்டு முறைக்கு அது யாரையும் ஒன்றும் செய்யாது. மறுபக்கம், சல்பேட் இல்லை என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் ஓலிஃபின் சல்ஃபோனேட் என்று இருக்கும். எண்ணெயை உருவி எடுப்பதில் அது சல்பேட்டுக்கு ஒன்றும் சளைத்ததில்லை. நானே ஒரு முறை விற்பனைக்கு வந்தவர் பேச்சைக் கேட்டு அப்படி ஒன்றை ஒரு பெட்டி வாங்கி வைத்து, வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் ஷாம்பு உங்களுக்குக் கடுமையா என்று குளித்த அன்றே தெரியும். முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கீச்சென்று சத்தம் வரக்கூடாது. அந்தச் சத்தத்தைச் சுத்தம் என்று நினைக்கிறோம். பாத்திரத்துக்குத்தான் அது சரி. தலை காய்ந்த ஒரு மணி நேரத்தில் தோல் இறுக்கிப் பிடிப்பது போல இருந்தாலும் ஷாம்பு அதிகம் அல்லது கடுமை.

குழந்தைகள் ஷாம்பு போடலாமா என்று கேட்பார்கள். அது கண் எரியாமல் இருக்கச் செய்தது. பெரியவர் தலை எண்ணெயை எடுக்கச் சிரமப்படும், நீங்கள் அதைச் சரிக்கட்ட இரண்டு முறை போடுவீர்கள்.

எங்க வீட்டுல போர்த் தண்ணிங்க. எதைப் போட்டாலும் முடி நார் மாதிரி ஆகுது.

ஜிம் ஆட்களின் முடியைப் பாழாக்குவதில் ஷாம்புவை விடப் பெரிய கை இதற்குத்தான் என்பது என் எண்ணம். நான் இருப்பது கோவை. இங்கே சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் குளிக்கும் முடியையும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி உப்புத் தண்ணியில் குளிக்கும் முடியையும் தொட்டே சொல்லிவிடலாம்.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். முடியின் மேல்பகுதி, அதிலும் தேய்ந்த நுனி, அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தினமும் அலசினால் தினமும் ஒரு மெல்லிய படிவு. குழாயடியிலும் பக்கெட்டின் உள்விளிம்பிலும் வெள்ளையாக ஏறி நிற்கிறதே, அதேதான். சோப்புக்கட்டியால் தலை தேய்ப்பவர்களுக்கு இன்னும் மோசம்: சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத கசடாகி முடியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவுக்கு அந்தக் குறை இல்லை.

தண்ணீரை மாற்ற முடியாது என்றால் கடைசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். போர்த் தண்ணியிலேயே எல்லாம் அலசி முடித்து, இறுதியாக நல்ல தண்ணீர் இரண்டு லிட்டரை, அதாவது இரண்டு பெரிய மக், உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றி, கையால் முடியை வழித்துவிடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, கேன் தண்ணீரோ எதுவானாலும் சரி. முடியில் கடைசியாகத் தங்கிக் காய்வது எந்தத் தண்ணீரோ அதுதான் அதிகப் படிவை விடுகிறது.

ஏற்கெனவே ஏறியிருப்பதை எடுக்க, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, ஷாம்புவுக்குப் பிறகு முடியின் நீளத்தில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். மெல்லிய புளிப்பு அந்தக் கால்சியத்தைக் கரைக்கும். தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். எலுமிச்சையை அப்படியே பிழிந்து தேய்ப்பதும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் பக்கெட்டில் பிடித்து அதில் தலைக்குக் குளிப்பவர்கள் உண்டு. மெஷின் வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். அது உங்கள் போர்த் தண்ணியை விடக் கடினம். வாசல் தெளிக்க, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சீயக்காய், அரப்பு போட்டா தினமும் குளிக்கலாமா?

இரண்டிலும் நுரை கொடுப்பது சபோனின். அதுவும் எண்ணெயை எடுக்கும், இயற்கை என்பதால் தலை வறளாது என்பதெல்லாம் இல்லை. கெட்டியாகக் கரைத்துத் தினமும் தேய்த்தால் முடி வைக்கோலாகும். அதோடு பொடி சரியாகச் சலிக்காமல் இருந்தால் திப்பி திப்பியாகத் தோலில் தங்கி அரிக்கும், அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் சீயக்காய் போடுவார்கள். ஷாம்புவுக்குப் பதில் வாரம் இரண்டு முறை, கஞ்சித் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினால் நன்றாகவே இருக்கும்.

எண்ணெய் வச்சுக்கிட்டு ஜிம்முக்குப் போகலாமா? அம்மா வைக்காம விடமாட்டேங்கிறாங்க.

தோலில் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து நெற்றிக்கு இறங்கும், நெற்றியோரப் பரு அதனால் வரும். கண்ணும் எரியும். எண்ணெய் அதிகமானால் அதை எடுக்க ஷாம்புவும் அதிகமாகும், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

ஆனால் அம்மா சொல்வதில் பாதி சரி. ஷாம்பு நாளில், ஜிம்முக்குப் போகும் முன் அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவி, தளர்வாகப் பின்னிவிடுங்கள். தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே புகக்கூடியது. அது உள்ளே இருந்தால் முடி தண்ணீர் குடித்து ஊதுவது குறையும், கழுவும்போது புரதம் கசிவதும் குறையும். ஒன்றரை மணி நேரம் கழித்து நீங்கள் குளிக்கும்போது நுனிக்கு ஒரு கவசம் ஏற்கெனவே போட்டாயிற்று. மினரல் ஆயில் சேர்த்த எண்ணெய் வழவழப்பு தரும், உள்ளே போகாது.

இறுக்கிப் போனிடெயில் போடுவதை விடுங்கள். தினமும் ஒரே இடத்தில் இழுபட்டால் நெற்றியோர முடி மெலிந்து பின்வாங்கும், வருடக்கணக்கானால் திரும்பவும் வராது.

ஒரு வாரத்துக்கு எப்படி வச்சுக்கலாம்னு ஒருத்தரோட கதையா சொல்லுங்களேன்.

எங்கள் தெருவிலேயே ஒருவர். முப்பத்தைந்து வயது, பள்ளி ஆசிரியை, முதுகுப் பாதி வரை முடி, வீட்டில் போர்த் தண்ணி. திங்கள் முதல் சனி வரை காலை ஐந்தரைக்கு ஜிம், ஏழே காலுக்கு வீடு, எட்டரைக்குப் பள்ளி வேன். தினமும் பாட்டிலில் இருந்து ஷாம்பு ஊற்றித் தேய்த்து, ஈரத்தோடு கொண்டை போட்டு ஓடிக்கொண்டிருந்தார். மூன்றே மாதத்தில் நுனி பிளந்து, தோல் அரித்து, என்னிடம் வந்தது முடியைக் கழுத்தளவு வெட்டிவிடச் சொல்லித்தான்.

இரண்டு அங்குலம் மட்டும் வெட்டினேன். பேப்பர் சோதனை செய்யச் சொன்னதில் ஷாம்பு போட்ட நாளிலிருந்து மூன்றாம் நாள்தான் திட்டு வந்தது. ஆகவே புதனும் சனியும் ஷாம்பு. அந்த இரண்டு நாளும் ஜிம்முக்கு நுனியில் எண்ணெய். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி தண்ணீர் மட்டும், கடைசியில் இரண்டு மக் நல்ல தண்ணீர். ஞாயிறு ஜிம் இல்லை, தலையைத் தொடவே வேண்டாம். மாதம் ஒரு முறை அந்த ஞாயிறில் நல்லெண்ணெய்க் குளியல் வைத்துக்கொண்டார்.

சிக்கல் நேரத்தில்தான் வந்தது. முழு முடியும் காயப் பள்ளி வேன் காத்திருக்காது. அதற்கு, தண்ணீர் நாளில் முடியின் நீளத்தைத் தளர்வாகப் பின்னி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, தோலை மட்டும் அலசினார். நீளம் லேசாகத்தான் நனையும், வேர்கள் அரை மணியில் காய்ந்துவிடும். நான்கு வாரத்தில் அரிப்பு நின்றது. பிளந்த நுனி ஒட்டாது, அதை வெட்டத்தான் வேண்டும். ஆனால் புதிதாகப் பிளப்பது குறைந்தது. இரண்டாவது வாரம் தலை எண்ணெய்ப் பிசுக்காக இருப்பதாக அவருக்குத் தோன்றி, பழையபடி ஷாம்புவுக்குப் போக இருந்தார். தினமும் உலர்ந்த தலைக்குப் பழகியவருக்குச் சாதாரணத் தலையே பிசுக்காகத்தான் தெரியும். பேப்பர் வெள்ளையாகத்தான் இருந்தது.

தண்ணியில மட்டும் அலசினா பொடுகு வராதா?

ஏற்கெனவே பொடுகு உள்ள தலைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை உண்டு, தலை எண்ணெய்தான் அதன் சாப்பாடு. பொடுகுக்காரர்கள் எண்ணெயை நாள் கணக்கில் விட்டுவைத்தால் அது கூடும். செதிள் மஞ்சளாக, பிசுக்காக, புருவத்திலும் மூக்கோரத்திலும் கூட இருந்தால், கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை போடுவது வழக்கம். போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் தோலில் விட வேண்டும், உடனே அலசினால் பயனில்லை. தோலுக்கு எண்ணெயும் அந்த நாட்களில் வேண்டாம். அதிலும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

செதிள் வெள்ளையாக, மாவு போல, தட்டினால் உதிர்வதாக இருந்தால் அது வறட்சியாகவோ, காய்ந்த வியர்வை உப்பாகவோ, அலசாமல் விட்ட ஷாம்புவாகவோ இருக்கலாம். ஒரு வாரம் ஒழுங்காக அலசிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தினமும் தலை நனைஞ்சா சளி பிடிக்காதா?

சளி வைரஸால் வருகிறது, ஈரத்தால் இல்லை. ஆனால் ஈரத் தலையோடு ஏ.சி.யில் உட்கார்ந்தால் தலை பாரமாகத் தோன்றுவது பலருக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வேரை உலர்த்திவிட்டுக் கிளம்புங்கள். டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே. துண்டால் முறுக்கிப் பிழிந்து, தட்டித் தட்டித் துவட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

டிரை ஷாம்பு அடிச்சுக்கிட்டு போயிடலாமா?

அது எண்ணெயை உறிஞ்சும் மாவு. வியர்வையின் உப்பை எடுக்காது. ஈரத் தலையில் அடித்தால் கூழாகும்.

என் வீட்டுக்காரர் தினமும் ஷாம்பு போடுறார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே?

அவருடைய முடிக்கு வயதே மூன்று மாதம் இருக்கும். பழையதாகும் முன் சலூனில் விழுந்துவிடுகிறது. தோல் இறுக்கமோ அரிப்போ இல்லை என்றால் அவர் தினமும் போடட்டும்.

ஷாம்புவைக் குறைச்ச பிறகு குளிக்கும்போது முடி கொத்தா வருது. பயமா இருக்கு.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. தினமும் தேய்த்துக் குளித்தபோது அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வடிகாலுக்குப் போனது. இப்போது லேசாக அலசும் நாட்களில் பின்னலுக்குள்ளேயே தங்கி, ஷாம்பு நாளில் மூன்று நாள் கணக்கு ஒன்றாக வருகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் சீப்பிலும் குளியலறையிலும் விழுவதையெல்லாம் ஒரு கவரில் சேர்த்து, எண்ணி, ஏழால் வகுத்துப் பாருங்கள்.

அது நூறைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தாலோ, வகிடு அகலமானது போலத் தெரிந்தாலோ ஷாம்புவை மாற்றிப் பயனில்லை. ஜிம்மில் சேர்ந்த கையோடு சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தீர்களா என்று யோசியுங்கள். எடை மளமளவென்று இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஷாம்பு பெயரை அல்ல, மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன டயட்டில் இருந்தீர்கள் என்றுதான்.